எத்தனை ரெஃபரன்ஸ் என்று கேட்காதீர்கள்: ஆய்வு நெறியாளர்களுக்கும் டி.சி. உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் முனைவர் பட்ட ஆய்வுகளை வழிநடத்தும் நெறியாளர்களுக்கும், டி.சி. எனப்படும் ஆய்வுக் குழுவின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு கல்லூரி நூலகர். டி.சி. கூட்டத்துக்கு முந்தின வாரம் ஆய்வு மாணவர்கள் என்னைத் தேடி வருவார்கள். பெரும்பாலும் ஒரே கவலையோடுதான் வருவார்கள். "சார், ரிவ்யூ சாப்டருக்கு 100 ரெஃபரன்ஸாவது வேணும்னு சொல்லியிருக்காங்க. என்கிட்ட 86தான் இருக்கு." மீதி 14 கட்டுரைகளை அன்று மாலைக்குள் கூகுள் ஸ்காலரில் தேடி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த 14-இல் எத்தனை, பணம் வாங்கிக்கொண்டு சரிபார்க்காமல் வெளியிடும் போலி ஆய்விதழ்களில் வந்தவை என்று யாரும் கேட்பதில்லை. நீங்களும் கேட்பதில்லை. அதனால்தான் இந்த மடல்.

நமக்குள் ஒரு பழக்கம் ஊறிவிட்டது. நல்ல இதழ் எது, கெட்ட இதழ் எது என்பதை டெல்லியிலிருந்து வரும் பட்டியல் சொல்லிவிடும் என்று இருந்துவிட்டோம். 2017-இல் யு.ஜி.சி. அங்கீகரித்த இதழ்களின் பட்டியல் வந்தது. அதில் 5,699 இதழ்கள் பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்துச் சேர்த்தவை. புனேயைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்த 5,699-இலிருந்து 1,336 இதழ்களைக் குலுக்கல் முறையில் எடுத்தார்கள். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய தரவுத்தளங்களில் உள்ளவற்றைக் கழித்துவிட்டு மீதி 1,009 இதழ்களை ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். 88 சதவீதத்துக்கு மேல் தரமற்றவையாக இருக்கக்கூடும் என்ற முடிவு 2018-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. முகவரி இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, ஐ.எஸ்.எஸ்.என். எண் தவறு, இம்பாக்ட் ஃபேக்டர் பொய். இவற்றைப் பரிந்துரைத்தது நம்மைப் போன்ற பல்கலைக்கழகங்கள்தான். அதே ஆண்டு மே மாதம் யு.ஜி.சி. 4,305 இதழ்களை நீக்கியது. 2019-இல் அந்தப் பழைய பட்டியலுக்குப் பதிலாகக் கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இனி ஒவ்வொரு நிறுவனமும் தானே மதிப்பிட்டுக்கொள்ளட்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் கொடுத்தார்கள்.

கேர் பட்டியல் போய்விட்டதே என்று பலர் வருந்துகிறீர்கள். எங்கே கட்டுரை வெளியிடலாம் என்ற கேள்விக்கு அது ஓரளவு உதவியது, உண்மைதான். ஆனால் ரிவ்யூ எழுதும்போது எந்தக் கட்டுரையை நம்பலாம் என்பது வேறு கேள்வி. அதற்கு எந்தப் பட்டியலும் முழுப் பதில் சொன்னதில்லை. ஒரு மாணவியோடு உட்கார்ந்து ஒரே ஒரு கட்டுரையைப் பார்த்த கதையைச் சொன்னால் இது விளங்கும்.

அவர் செவிலியர் துறை ஆய்வாளர். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதப் பராமரிப்பு பற்றி வகுப்பு எடுத்தால் காலில் புண் வருவது குறையுமா என்பது அவருடைய ஆய்வு. ரிவ்யூ அத்தியாயத்தில் 112 கட்டுரைகள் இருந்தன. "இதுல எது இல்லைன்னா உங்க அத்தியாயம் நிக்காதும்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து 9 கட்டுரைகளைக் காட்டினார். மற்றவை பின்னணிக்காக வந்தவை. ஒரு வரிக்கு நான்கு ரெஃபரன்ஸ் என்று அடுக்கியவையும் உண்டு. அந்த 9-இல் அவர் அதிகம் நம்பியிருந்த ஒன்றை முதலில் எடுத்தோம். 30 நோயாளிகளுக்கு ஒரே ஒரு வகுப்பு எடுத்தார்களாம். பாதப் பராமரிப்பு குறித்த அறிவு மதிப்பெண் சராசரி 8.15-இலிருந்து 14.25-க்கு உயர்ந்ததாம். இந்த உயர்வை வைத்துத்தான் அவர் தன் ஆய்வின் தேவையையே வாதிட்டிருந்தார்.

முதலில் இதழைப் பார்த்தோம். தளத்தின் தலைப்பிலேயே இம்பாக்ட் ஃபேக்டர் 7.9 என்று பெரிய எழுத்தில் இருந்தது. இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிட்டு வெளியிடுவது கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனம்தான். முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை, அந்த இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் அது. அப்படியானால் முதல் ஆண்டு இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் இருக்க வழியே இல்லை. இந்த இதழோ தொடங்கிய ஆண்டிலேயே ஒரு எண்ணைப் போட்டிருந்தது. யார் கணக்கிட்டது என்று கீழே தேடினால், கிளாரிவேட் இல்லை; கேள்விப்படாத வேறொரு பெயர். பணம் வாங்கிக்கொண்டு இப்படி எண் வழங்குவதற்கென்றே அமைப்புகள் இருக்கின்றன. 'குளோபல் இம்பாக்ட் ஃபேக்டர்', 'காஸ்மாஸ் இம்பாக்ட் ஃபேக்டர்' போன்ற பெயர்கள் நீங்கள் கையெழுத்திட்ட ஆய்வேடுகளில்கூட இருக்கலாம்.

"ஐ.எஸ்.எஸ்.என். இருக்கே சார்" என்றார் மாணவி. எல்லோரும் சொல்வது இதைத்தான். அந்த எண் உண்மையானதுதான், portal.issn.org தளத்தில் போட்டால் இதழின் பெயர் சரியாக வந்தது. ஆனால் ஐ.எஸ்.எஸ்.என். என்பது வண்டியின் பதிவு எண் மாதிரி. வண்டி எது என்று சொல்லும், ஓட்டுநர் எப்படிப்பட்டவர் என்று சொல்லாது. எண் கொடுக்கும் மையம் இதழின் தரத்தைப் பார்ப்பதில்லை, பார்ப்பது அதன் வேலையும் இல்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் டி.ஓ.ஐ. எண்ணும் அப்படித்தான். கூகுள் ஸ்காலர் என்பது ஒரு தேடுபொறி. ஆய்வுக் கட்டுரை போன்ற வடிவில் எது இருந்தாலும் அதில் வந்துவிடும். 'கூகுள் ஸ்காலரில் இண்டெக்ஸ் ஆன இதழ்' என்று ஓர் இதழ் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டால், அதையே சந்தேகக் குறியாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து நான் திறக்கச் சொன்னது அந்த இதழின் பழைய வெளியீடுகளை. முகப்புப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாக வடிவமைத்துவிடலாம். பழைய வெளியீடுகளில்தான் இதழின் குணம் தெரியும். இந்தக் கட்டுரை வந்த அதே வெளியீட்டில் கான்கிரீட் கலவை பற்றி ஒன்று, சங்க இலக்கியத்தில் நெய்தல் திணை பற்றி ஒன்று, ஜி.எஸ்.டி. பற்றி ஒன்று. எல்லாத் துறைக்கும் பொதுவான இதழ்கள் உலகில் இல்லாமல் இல்லை. ஆனால் அவற்றுக்குத் துறைவாரியாகப் பெரிய ஆசிரியர் குழு இருக்கும். இங்கே குழுவில் 11 பேர்தான், செவிலியர் துறையில் ஒருவரும் இல்லை. அப்படியானால் இந்தக் கட்டுரையைப் படித்துப் பார்த்தது யார்?

குழுவிலிருந்த ஒரு பேராசிரியரின் பெயரை அவருடைய பல்கலைக்கழகத் தளத்தில் தேடி மின்னஞ்சல் அனுப்பினோம். இரண்டு நாளில் பதில் வந்தது: தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியாது. சில இதழ்களில் இதைவிட மோசமான நிலை உண்டு. 2015-இல் போலந்து ஆய்வாளர்கள் சிலர் அன்னா ஓ. சுஸ்ட் என்ற இல்லாத ஒருவரை உருவாக்கி, பொருத்தமே இல்லாத தகுதிகளோடு, 360 இதழ்களுக்கு ஆசிரியர் பதவி கேட்டு விண்ணப்பித்தார்கள். அவர் பெயரில் உள்ள 'ஓ'வையும் 'சுஸ்ட்'டையும் சேர்த்துப் படித்தால் போலிஷ் மொழியில் 'மோசடிக்காரர்' என்று பொருள். சந்தேகத்துக்குரியவை என்று பட்டியலிடப்பட்ட 120 இதழ்களில் 40 அவரை ஆசிரியராக ஏற்றுக்கொண்டன. கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கும் இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே.-இல் இருந்த 120-இல் 8 ஏற்றன. கிளாரிவேட்டின் இம்பாக்ட் ஃபேக்டர் பெற்ற 120-இல் ஒன்றுகூட ஏற்கவில்லை. 'நேச்சர்' இதழில் 2017-இல் வந்த செய்தி இது. ஒரு பட்டியலில் இருப்பது எவ்வளவு நம்பிக்கை தரும், எங்கே சறுக்கும் என்ற இரண்டும் அந்த மூன்று எண்களில் தெரிகின்றன.

பிறகு கட்டுரையின் முதல் பக்க அடியில் இருந்த தேதிகள். பெறப்பட்டது 4-ஆம் தேதி, ஏற்கப்பட்டது 6-ஆம் தேதி, வெளியானது 7-ஆம் தேதி. துறை அறிந்த இருவர் படித்து, கருத்து எழுதி, ஆசிரியர் திருத்தி, மறுபடி அனுப்பிப் பார்ப்பதுதான் பியர் ரிவ்யூ. அதற்கு வாரங்கள், பல நேரம் மாதங்கள் ஆகும். இரண்டு நாளில் நடந்தது வேறு ஏதோ.

இதுவரை பார்த்தது இதழைத்தான். இந்த இடத்தில் நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதழ் மோசம் என்பதால் மட்டும் உள்ளே இருக்கும் தரவு பொய் என்று ஆகிவிடாது. நல்ல வழிகாட்டல் கிடைக்காத, அவசரத்தில் இருந்த ஓர் உண்மையான ஆய்வாளர்கூட அங்கே வெளியிட்டிருக்கலாம். அதனால் கட்டுரையின் அட்டவணையை எடுத்தோம்.

30 நோயாளிகள். கேள்வித்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று கட்டுரையே சொல்கிறது. அப்படியானால் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் முழு எண், 30 பேருடைய கூட்டுத்தொகையும் முழு எண்ணாகத்தான் இருக்க வேண்டும். சராசரி 14.25 என்றால் கூட்டுத்தொகை 14.25 × 30, அதாவது 427.5. அரை மதிப்பெண் எங்கிருந்து வந்தது? கூட்டுத்தொகை 427 என்றால் சராசரி 14.23 என்று வரும், 428 என்றால் 14.27. 30 பேரை வைத்து 14.25 வரவே முடியாது. வகுப்புக்கு முந்தைய 8.15-ஐயும் போட்டுப் பார்த்தோம்: 8.15 × 30 = 244.5. அதுவும் முடியாது. மாணவி தன் செல்போனில் இரண்டு முறை கணக்குப் போட்டார். முகம் மாறிவிட்டது.

இந்தச் சோதனைக்கு கிரிம் என்று பெயர். நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. பெருக்கல் தெரிந்தால் போதும். அதற்கு வரம்பு உண்டு. மதிப்பெண் முழு எண்ணாக இருக்க வேண்டும். இரண்டு தசம இடம் கொடுத்திருந்தால் ஆட்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் எந்தச் சராசரியும் பொருந்திவிடும். அப்புறம், இடையில் சிலர் விலகியிருக்கலாம். 28 பேர் என்று வைத்தால் 14.25 பொருந்துகிறது, ஆனால் 8.15 பொருந்தவில்லை. 20 பேர் என்று வைத்தால் இரண்டுமே பொருந்துகின்றன. ஒருவேளை உண்மையில் 20 பேரிடம்தான் எடுத்தார்களா, அச்சுப் பிழையா, வேறு எங்கிருந்தாவது வந்த எண்களா என்று நம்மால் சொல்ல முடியாது. கட்டுரை ஆசிரியரை மோசடிக்காரர் என்று சொல்ல இது போதாது. ஆனால் அந்த எண்களை நம்பி ஓர் ஆய்வைத் தொடங்கக் கூடாது என்று சொல்லப் போதும். இந்தப் பெருக்கலை பியர் ரிவ்யூ செய்ய வேண்டிய யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

என்னை இதைவிட அதிகம் வருத்தியது இதற்குப் பிறகு கண்டதுதான். இந்தக் கட்டுரையை யாரெல்லாம் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தோம். நல்ல பெயர் உள்ள, ஸ்கோபஸில் இருக்கும் ஓர் இதழில் வந்த மீளாய்வுக் கட்டுரையின் அட்டவணையில் இதுவும் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தது. அந்த மீளாய்வும் மாணவியின் 9-இல் ஒன்று. அவர் இரண்டு தனித்தனிச் சான்றுகள் என்று நினைத்துக்கொண்டிருந்தார், உண்மையில் ஒன்றின் பாதி பலம் மற்றொன்றிடமிருந்து வந்தது. போலி இதழில் நுழைந்த எண் இப்படித்தான் நல்ல இதழ் வழியாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆய்வேட்டுக்குள் வந்துவிடுகிறது. மீளாய்வை மேற்கோள் காட்டும் மாணவர் அதன் அட்டவணையில் இருக்கும் மூலக் கட்டுரைகளில் சிலவற்றையாவது திறந்து பார்க்க வேண்டும்.

அந்த ஒன்றை எடுத்துவிட்ட பிறகு அத்தியாயம் என்ன ஆனது தெரியுமா? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வை அவர் படித்தார். சர்க்கரை நோயாளிகளுக்குக் கற்பிப்பதால் பாதப் புண்ணைத் தடுக்க முடியுமா என்பது பற்றிய அந்த மீளாய்வு 2014-இல் புதுப்பிக்கப்பட்டது. 12 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு அது சொல்வது இது: குறுகிய காலத்துக்கு அறிவு கூடுகிறது, நோயாளிகள் தாங்களே சொல்லும் பழக்கங்களும் மேம்படுகின்றன, ஆனால் கற்பித்தல் மட்டுமே புண்ணையோ கால் அகற்றப்படுவதையோ குறைக்கிறது என்பதற்குப் போதுமான வலுவான சான்று இல்லை. மாணவியின் ஆய்வுத் திட்டத்தில் முக்கிய அளவீடே அறிவு மதிப்பெண்ணாக இருந்தது. இதைப் படித்ததும் அவர் நெறியாளரிடம் பேசி, ஆறு மாதம் கழித்து நோயாளிகளின் காலை நேரில் பரிசோதிப்பதையும் சேர்த்துக்கொண்டார். ஒரு மோசமான கட்டுரை எடுத்துக்கொண்டு போகவிருந்தது ரெஃபரன்ஸ் பட்டியலில் ஒரு வரியை மட்டும் இல்லை, மூன்று வருட உழைப்பின் திசையையே.

இனி இரண்டு சிக்கல்களைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் 'ஸ்கோபஸில் இருந்தால் போதும்' என்று மாணவர்களிடம் சொல்கிறீர்கள். அது போதாது.

ஒன்று, அபகரிக்கப்பட்ட இதழ்கள். உண்மையான ஓர் இதழின் பெயரையும் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் திருடி, அதே மாதிரி ஒரு தளம் வைத்து, பணம் வாங்கிக் கட்டுரை போடுகிறார்கள். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகளையும் புவியியலையும் பற்றி வெளிவரும் 'யோகுல்' என்ற இதழுக்கு இப்படி ஒரு போலி இருக்கிறது. இங்கே மேலே சொன்ன ஐ.எஸ்.எஸ்.என். சோதனை உதவாது, ஏனென்றால் எண்ணும் பெயரும் அச்சு அசலாகப் பொருந்தும். ரஷ்யப் பின்னணி கொண்ட ஆய்வாளர் அன்னா அபால்கினா இவற்றைத் தொடர்ந்து தேடிவருகிறார். அவர் ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளத்துடன் சேர்ந்து தொகுக்கும் பட்டியலில் 300-க்கு மேற்பட்ட இதழ்கள் இருக்கின்றன. சில போலிகளின் கட்டுரைகள் ஸ்கோபஸ் தரவுத்தளத்துக்குள்ளேயே நுழைந்திருந்ததையும் அவர் காட்டினார். ஆகவே மாணவர் கூகுளில் இதழின் பெயரைத் தேடி முதலில் வரும் தளத்துக்குப் போகக் கூடாது. ஸ்கோபஸில் பதிப்பகம் அல்லது சங்கத்தின் பெயரைப் பார்த்துக்கொண்டு, அந்தச் சங்கத்தின் தளத்துக்குப் போய், அங்கிருந்து இதழுக்குள் நுழைய வேண்டும். அப்படிப் போகும்போது, கையில் இருக்கும் கட்டுரை அங்கே அதே தொகுதியில், அதே பக்க எண்ணில் இருக்கிறதா? இல்லை என்றால் அது போலித் தளத்தில் வந்தது. பனிப்பாறை இதழில் வங்கித் துறை பற்றிய கட்டுரை என்றால் இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம்.

ஸ்கோபஸில் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். இதழின் பெயருக்கு அருகில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்று இருக்கும். தரப் பிரச்சினையால் பாதியில் நிறுத்தப்பட்ட இதழ்கள் 'ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டு' என்று தங்கள் தளத்தில் தொடர்ந்து போட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது, நேற்று வரை நல்லதாக இருந்த இதழ்கள். ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வைலி 2021-இல் வாங்கியது. அதன் இதழ்கள் ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் இருந்தன. இம்பாக்ட் ஃபேக்டர் உண்மையானது. சிறப்பிதழ்கள் என்ற வாசல் வழியாக, கட்டுரைகளைத் தயாரித்து விற்கும் கும்பல்கள் உள்ளே புகுந்தன. 2023 மார்ச்சில் அதன் 19 இதழ்களை வெப் ஆஃப் சயின்ஸ் நீக்கியது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 8,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. 2022-இல் அவற்றை மேற்கோள் காட்டிய மாணவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் 2024-இல் ஆய்வேட்டைக் கொடுக்கும்போது மறுபடி பார்க்காமல் விட்டிருந்தால், திரும்பப் பெறப்பட்ட கட்டுரை அவருடைய அத்தியாயத்தில் சான்றாக நிற்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-இல் டி.ஓ.ஐ. எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஸோட்டெரோ மென்பொருளில் ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வைத்தால், அவற்றில் ஏதாவது திரும்பப் பெறப்பட்டால் அது தானாகவே சிவப்பில் எச்சரிக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. எங்கள் நூலகத்தில் இதைக் கற்றுக்கொடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஸ்கோபஸில் இல்லாத எதையும் தொடக் கூடாது என்று புது விதி போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. தமிழ் ஆய்விலும் வட்டார வரலாற்றிலும் நாட்டார் வழக்காற்றிலும் மதிப்புள்ள எத்தனையோ கட்டுரைகள் எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாத சிற்றிதழ்களிலும் துறை மலர்களிலும்தான் வந்திருக்கின்றன. தளம் பழையதாக இருக்கும், ஆங்கிலம் தடுமாறும், வருடத்துக்கு ஒரு வெளியீடுதான் வரும். அவை போலி இல்லை, வறுமையில் இருப்பவை. ஆசிரியரின் பெயரைச் சொன்னால் துறையில் நாலு பேருக்குத் தெரியும். கட்டுரையை நிராகரித்த வரலாறும் அவர்களுக்கு இருக்கும். போலி இதழுக்கு நிராகரிக்கத் தெரியாது. மருத்துவ, அறிவியல் துறைகளுக்கு ஏற்ற அளவுகோலைத் தமிழ்த் துறை மாணவர் மேல் வைத்தால், அவர் நல்ல கட்டுரையை விட்டுவிட்டு, ஸ்கோபஸுக்குள் புகுந்துவிட்ட ஏதோ ஒன்றைத் தேடிப் போவார்.

சில சமயம் சந்தேகமான இதழில் வந்த ஒரே ஒரு கட்டுரைதான் ஒரு மாவட்டத்தைப் பற்றிய கணக்கைத் தரும். அதை மறைக்கவும் வேண்டாம், மற்றவற்றோடு கலக்கவும் வேண்டாம். 'இது பியர் ரிவ்யூ நடந்ததா என்று உறுதி செய்ய முடியாத இதழில் வந்தது, எண்களை இப்படிச் சரிபார்த்தேன், இதை நீக்கினாலும் என் முடிவு மாறவில்லை' என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். மாறுகிறது என்றால், அதையும் எழுதச் சொல்லுங்கள்.

சரி, உங்களிடம் நான் கேட்பது இதுதான். டி.சி. கூட்டத்தில் எத்தனை ரெஃபரன்ஸ் என்று கேட்பதை நிறுத்துங்கள். அந்த எண்ணிக்கைதான் மாணவர்களைப் போலி இதழ்களிடம் தள்ளுகிறது. அதற்குப் பதிலாக, எந்தக் கட்டுரைகளின் மேல் இந்த அத்தியாயம் நிற்கிறது என்று கேளுங்கள். 8, 10 கட்டுரைகள் இருக்கும். மாணவர்கள் ரிவ்யூவுக்குப் போடும் அட்டவணையில் ஆசிரியர், ஆண்டு, முறை, முடிவு என்று கட்டங்கள் இருக்கின்றன. அதில் 'சரிபார்த்தது' என்று இன்னொரு கட்டத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். முக்கியமான அந்தப் பத்துக்கு மட்டும் போதும். பழைய வெளியீட்டைத் திறந்தேன், ஆசிரியர் குழுவில் ஒருவரைப் பார்த்தேன், சராசரியைப் பெருக்கிப் பார்த்தேன், திரும்பப் பெறப்பட்டதா என்று இந்தத் தேதியில் பார்த்தேன் என்று நான்கு சிறு வரிகளில் எழுதினால் போதும். கூட்டத்தில் அவற்றில் ஒன்றை நீங்களே திறந்து பாருங்கள். எது என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாம். ஒரு கட்டுரைக்குப் பதினைந்து நிமிடம் ஆகும்.

மாணவர் ஒரு கட்டுரையை நீக்கிவிட்டு வந்தால் அவரைத் திட்டாதீர்கள். நான் சொன்ன மாணவியின் பட்டியல் 112-இலிருந்து 71-ஆகக் குறைந்தது. அடுத்த கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "ஏன் இவ்வளவு குறைச்சிட்டீங்க?" என்று கேட்டாராம். மாணவி 14.25-ஐ 30-ஆல் பெருக்கிக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். அந்த உறுப்பினர் மறுநாள் தன்னுடைய மூன்று மாணவர்களையும் எங்கள் நூலகத்துக்கு அனுப்பிவைத்தார்.

உங்கள் மாணவர்களையும் அனுப்புங்கள். எங்கள் கல்லூரி என்று இல்லை, உங்கள் கல்லூரி நூலகத்திலும் இதைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருப்பார். டி.சி. கூட்டத்துக்கு முந்தின வாரம் வேண்டாம், தலைப்பு உறுதியாகும் மாதத்திலேயே வரட்டும்.

அன்புடன்,
ஒரு கல்லூரி நூலகர்